முகவுரையில் அத்தை

முகவுரை இரண்டரைப் பக்கம் வந்திருந்தது. ஆய்வேட்டிலேயே நான் ரசித்து எழுதிய பகுதி அதுதான். நெறியாளர் முதல் வரியை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கட்டம் போட்டு அடைத்து, ஓரத்தில் ‘நன்றியுரைக்கு’ என்று எழுதிவிட்டார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுத்தே காலம் தள்ளிவிட்டு, தலை நரைத்த பிறகு முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவள் நான். நெறியாளர் என்னைவிட இளையவர். நான் அவரை மேடம் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். திட்டும்போதும் அக்காதான்.

பக்கவாதத்தில் பேச்சு போனவர்களுக்குத் தட்டின் பெயர் வராது, பெற்ற பிள்ளையின் பெயரும் வராது. ஆனால் அடுத்தவரைக் கூப்பிடும் சொல் மட்டும் சிலருக்குத் தப்பிப் பிழைத்திருக்கும். அது எப்படி என்பதுதான் என் ஆய்வு. முகவுரையில் மிஞ்சிய ஒற்றை வரி இது: ‘இவ்வாய்வின் தேவை நீண்ட காலமாக உணரப்பட்டு வந்தது.’

“யாரு அக்கா உணர்ந்தாங்க?” என்றார் நெறியாளர்.

எனக்குச் சுருக்கென்றது. நூலகர், வீட்டுக்காரர், மாமியார் என்று ஒருவர் விடாமல் எழுதியிருக்கிறேனே என்றேன்.

“அவங்க இல்லேன்னா வேலை கஷ்டமாயிருக்கும். அதுக்குத்தான் நன்றியுரை. யார் இல்லேன்னா இந்தக் கேள்வியே வந்திருக்காது? அது முகவுரை.”

பதில் தெரிந்துதான் இருந்தது. என் வீட்டுக்காரரின் அம்மா, பக்கவாதத்தில் பேச்சு போன எங்கள் அத்தை என்றேன். ‘பொறுமையுடன் ஒத்துழைத்த மாமியாருக்கும்’ என்று, நகல் எடுக்கும் கடைக்காரருக்கு முன்னால் அரை வரியில் அவரை உட்கார வைத்திருந்தேன். அவருடைய நோயைப் பற்றி எழுதுவதாக இருந்தால் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்க வேண்டும், பேச்சுதான் போயிற்று, புரிதல் போகவில்லையே என்றார் நெறியாளர். அத்தை வேண்டாமென்றால் அந்த மொட்டை வரியோடுதான் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும்.

அன்று மாலையே முகவுரையைப் புதிதாக எழுதினேன். மகனின் படத்தைக் காட்டி யாரென்று கேட்டால் விழித்த அத்தை, அதே மகன் குடையை மறந்து வாசல் தாண்டியபோது “டேய்” என்று தெளிவாகக் கூப்பிட்டார். பெயர் சொல்வது வேறு, கூப்பிடுவது வேறோ என்று எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. இதுதான் தொடக்கம் என்று முடித்திருந்தேன்.

அத்தையின் கட்டிலோரம் உட்கார்ந்து முதலில் நன்றி வரியைப் படித்தேன். ஈ ஓட்டுவதுபோல் கையை வீசினார். பிறகு முகவுரையைப் படித்தேன். ‘இதுதான் தொடக்கம்’ என்ற இடம் வந்ததும் இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டினார்.

“எழுத வேண்டாமா அத்தை?”

அதுவும் இல்லை என்று ஆட்டினார். அத்தை நல்ல கையை மடிமேல் வைத்து, சீட்டுப் போடுவதுபோல் ஒவ்வொன்றாக எதையோ எடுத்து வைத்தார். என்னைச் சுட்டினார். சமையலறைப் பக்கம் கையை நீட்டினார். இவ்வளவு படித்தும் இது மண்டையில் ஏறவில்லையா என்பதுபோல் முறைத்தார். அப்புறம் சொன்னார்.

“ஏம்மா.”

எனக்கு மேல் சிலிர்த்துவிட்டது. படச் சீட்டுகள். அந்தக் குடை நாளுக்கு எத்தனையோ நாள் முன்பு, அத்தை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய புதிது. தட்டு, சாவி, பூனை என்று ஒவ்வொரு சீட்டாகக் காட்டிக் கேட்டு, ஒன்றுக்கும் சொல் வராமல், அலுத்துப்போய்ச் சமையலறைக்குப் போனேன். பின்னாலிருந்து “ஏம்மா” என்று யாரோ கூப்பிட்டார்கள். “இதோ வரேன்” என்று குரல் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்த்தேன். வீட்டில் அன்று எங்கள் இரண்டு பேரைத் தவிர வேறு யார் இருந்தார்கள்?

ஊமையாகிவிட்டார் என்று நான் அழுதுகொண்டிருந்த வாரம் அது. அவர் என்னைக் கூப்பிட்டிருக்கிறார். எவ்வளவு இயல்பாகக் கூப்பிட்டிருந்தால், பேச்சு வந்ததையே கவனிக்காமல் நான் பதில் சொல்லியிருப்பேன்! முந்நூறு பக்கத்தில் நான் நிரூபிக்கப் பாடுபட்டதை அத்தை ஒரே சொல்லில் செய்து காட்டிவிட்டு, நான் கண்டுபிடிக்கட்டும் என்று இத்தனை வருடம் காத்திருந்திருக்கிறார். அந்தச் சின்ன உடம்பைப் பார்க்கவே எனக்குப் பயமும் மரியாதையுமாக இருந்தது.

அங்கேயே உட்கார்ந்து திருத்தினேன். நன்றியுரையிலிருந்து அந்த அரை வரியை அடித்தேன். முகவுரையின் முதல் வரியை மாற்றிப் படித்துக் காட்டினேன்: ‘பேச்சை இழந்த என் மாமியார் ஒருநாள் என்னைக் கூப்பிட்டார், நான் பதில் சொன்னேன், ஆனால் கேட்கவில்லை. இந்த ஆய்வு அங்கே தொடங்கியது.’

“இப்படிப் போடலாமா அத்தை?”

அத்தை கண்ணை மூடித் திறந்து தலையசைத்தார். தட்டச்சு செய்யக் காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்தேன். வாசல்படியில் கால் வைத்தபோது பின்னாலிருந்து குரல் வந்தது.

“ஏம்மா.”

இந்த முறை ‘இதோ வரேன்’ என்று சொல்லவில்லை. திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்தேன்.