தோயா

"ஃபேனை நிறுத்துங்க மாமா! ஆவி சிதறுது!"

மிருதுளா கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே கத்தினாள். பார்த்தசாரதி பாய்ந்து போய் சுவிட்சைத் தட்டினார். தலைக்கு மேல் மின்விசிறி முனகிக்கொண்டே நின்றது. லேக் மார்க்கெட்டின் பின்சந்தில், ஐந்தே மேஜை கொண்ட அந்தச் சிற்றுண்டிக் கடையில், செப்டம்பர் புழுக்கம் உடனே எல்லோர் கழுத்திலும் ஏறி உட்கார்ந்தது.

கடைக்கு ஒரே ஜன்னல். அதற்கு வெளியே மூங்கில்கள் நின்றன. பூஜைப் பந்தல்காரர்கள் சாரம் கட்டி முடித்துவிட்டு, துணியை உதறிக்கொண்டிருந்தார்கள். துணி ஏறினால் வெளிச்சம் போச்சு. பூஜை முடிகிறவரை திரும்பி வராது.

"பாதி ஜன்னலாவது விடுங்கப்பா" என்று பார்த்தசாரதி வங்காளியில் கெஞ்சி, இரண்டு டம்ளர் காப்பியையும் வெளியே நீட்டியிருந்தார். காப்பியை வாங்கிக்கொண்டார்கள். வாக்கு கொடுக்கவில்லை.

பேட்டை கிளப்பின் பந்தலில் ஒரே ஒரு தென்னிந்தியக் கடைக்குத்தான் இடம். மூன்று பேர் போட்டி. அரை நிமிஷப் படம் ஒன்று சாயங்காலத்துக்குள் கிளப் செயலாளரின் போனுக்குப் போக வேண்டும். ஆனால் பார்த்தசாரதியை உலுக்கிக்கொண்டிருந்தது போட்டி அல்ல. அவர் மனைவி யசோதா, பூஜையோடு கடையை மூடிவிடலாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று கேட்டால், "போறும்னா" என்பதோடு சரி. பந்தலில் இடம் கிடைத்து, ஊரே வரிசையில் நின்றால் அவள் மனசு மாறும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் மிருதுளாவைப் பிடித்துக்கொண்டு வந்திருந்தார்.

மிருதுளா ஈரோட்டுப் பெண். வாரத்தில் ஐந்து நாள் சால்ட் லேக்கில் கணினி வேலை; சனி ஞாயிறுகளில் சாப்பாட்டுப் படம். இந்தக் கடையின் தினசரி வாடிக்கை வேறு.

காலையிலிருந்து நெருக்கக் காட்சிகள் பல சேர்ந்துவிட்டன. தோசையின் விளிம்பு சிவப்பது, இட்லியை விரல் பிட்டதும் உள்ளே தெரியும் துளைகள், சாம்பார் விழும்போது தெறிக்கும் ஒரு சொட்டு. எல்லாம் கண்சிமிட்டும் நேரத்துக்கு வந்து போகிற வெட்டுகள். அத்தனை வேகத்துக்கும் நடுவில் ஒரே ஒரு காட்சி மட்டும் நின்று மூச்சு விட வேண்டும். வெண்பொங்கல். அதன் மேல் எழும் ஆவி.

"ஆவிக்கு வெளிச்சம் பின்னாலேர்ந்து வரணும் மாமா. முன்னாலேர்ந்து வந்தா ஒண்ணுமே தெரியாது. அதுக்குப் பின்னாடி இருட்டா ஒண்ணு வேணும்."

இருட்டுக்கு அவளுடைய கறுப்புத் துப்பட்டாவே நாற்காலி முதுகில் தொங்கியது. தட்டின் முன்பக்கம் கறுத்துப் போகாமலிருக்க, ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பலகை. ஃபோகஸைக் கையால் பூட்டியாயிற்று. தானாக விட்டால் ஆவியைத் துரத்திக்கொண்டு லென்ஸ் பைத்தியம் பிடித்து அலையும்.

மின்விசிறி கலைத்ததுபோக, பொங்கலில் சூடே இல்லை. வெளியே துணி மேலே ஏறத் தொடங்கிவிட்டது.

"கார்த்திக்தா!" என்று சமையல்கட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தாள் மிருதுளா. பாத்திரம், பரிமாறல் எல்லாம் கவனிக்கிற வங்காளிக்காரர் எட்டிப் பார்த்தார். அவள் தட்டைக் காட்டினாள். "தோயா! தோயா சாய்! தாடாதாடி!"

ஆவி வேண்டும், சீக்கிரம் என்றுதான் சொன்னாள். சொன்னதாக நினைத்தாள்.

கார்த்திக்தா புயலாக வந்தார். தட்டைத் தூக்கினார். மறைந்தார். உள்ளே குழாய் திறக்கும் சத்தம்.

"ஐயோ!"

மிருதுளா ஓடிப் போய்ப் பார்த்தபோது, நெய்யில் மினுங்கி நின்ற பொங்கல் குப்பைக்கூடையில் கிடந்தது. தட்டு பளபளவென்று அவர் கையில். அவர் முகத்தில், சொன்னதும் செய்த பெருமை.

பார்த்தசாரதி தலையில் கை வைத்தார். "நீ என்னம்மா சொன்னே?"

"தோயான்னேன். ஆவி!"

"தோயான்னா கழுவறது! ஆவிக்கு அதையே மூக்கால சொல்லணும். தோ...ங்...யா!"

"தோய்யா."

"மூக்கும்மா, மூக்கு!"

"தோன்யா?"

கார்த்திக்தா விழுந்து விழுந்து சிரித்தார். "தீதி, எங்க மொழிக்கு சளி பிடிச்சாதான் நல்லா வரும்" என்றார், வங்காளியில். மிருதுளாவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக முட்டின.

அதுவரை அடுப்படியில் கையைக் கட்டிக்கொண்டு, யார் வீட்டுக் கல்யாணமோ என்று நின்ற யசோதா, அப்போதுதான் அசைந்தாள்.

"பானையில இன்னும் ரெண்டு கரண்டி இருக்கு. ஆறிடுத்து. வெந்நீர் விட்டுக் கிளறித் தரேன்."

"மாமி, துணி ஏறுது!"

"ஏறட்டும். நீ போய் உன் டப்பாவைப் பிடிச்சுக்கோ."

கொதிநீர் விழுந்ததும் பொங்கல் தளதளவென்று குமிழிவிட்டது. பக்கத்து அடுப்பில் நெய். மிளகு வெடித்தது, முந்திரி சிவந்தது, கறிவேப்பிலை சடசடத்தது. யசோதா தட்டோடு ஓடிவர, பின்னாலேயே பார்த்தசாரதி தாளிப்புக் கரண்டியை இடுக்கியில் பிடித்து, ஸ்வாமி தீபாராதனையைத் தூக்கி வருகிற மாதிரி வந்தார்.

அதே நொடியில் வெளியே கயிறு இழுபட்டது. துணி விர்ரென்று ஜன்னலை மூடிக்கொண்டு வந்தது.

பாதியில் நின்றது.

காப்பி டம்ளரோடு ஒருவன் மேலே பார்த்து ஏதோ சொல்ல, கயிற்றை முடிந்து கட்டினார்கள். கடையின் முன்பாதி இருண்டது. மேஜைக்குப் பின்னால் மட்டும் ஒரு கீற்று வெளிச்சம், சாய்வாக.

மிருதுளா லென்ஸ் வழியே பார்த்தாள். காலையெல்லாம் துப்பட்டாவால் சமாளிக்கப் பார்த்த இருட்டைத் துணி கொண்டுவந்து கொடுத்துவிட்டது. ஆவி, வெள்ளிக் கம்பியாக முறுக்கி முறுக்கி எழுந்தது.

"ஊத்துங்க மாமா!"

நெய் விழுந்தது. பொங்கல் சீறியது. ஆவி குபீரென்று கிளம்பி, வெளிச்சத்தில் விரிந்து, மெல்லக் கரைந்தது.

அந்த மேஜையிலேயே மடிக்கணினியைத் திறந்து மிருதுளா காட்சிகளை ஒட்டினாள். சடசடவென்று தோசை, இட்லி, சாம்பார், தேங்காய். கடுகு வெடிக்கிற சத்தத்துக்கு ஒவ்வொரு வெட்டு. பிறகு சட்டென்று அமைதி. பொங்கல். ஆவி. அது கரைகிறவரை வெட்டே இல்லை.

"இன்னொரு தரம் போடு" என்றாள் யசோதா.

போட்டாள்.

"இன்னொரு தரம்."

நாலாவது தடவை யசோதா திரைக்கு மிக அருகில் குனிந்தாள். கண்ணை மூடினாள். திறந்தபோது ஈரமாக இருந்தது.

"ஏன்னா, அந்தச் செயலாளருக்கு அனுப்பிச்சுடுங்கோ. இடம் கிடைச்சாலும் கிடைக்காட்டாலும் கடையை மூட வேண்டாம்."

பார்த்தசாரதி வாயைப் பிளந்தார். "காலம்பறகூடப் போறும்னியேடி! என்ன ஆச்சு?"

"அன்னிக்கு அடிப்பிடிச்ச சாம்பாரை நாலு மேஜைக்குப் பரிமாறினேனே, ஞாபகம் இருக்கா? கவனக்குறைவுன்னு கோவிச்சுண்டேள்."

"ஆமாம், அதுக்கென்ன இப்போ?"

"அடுப்புப் பக்கத்துலதான் நின்னுண்டிருந்தேன். தெரியலை. அதான் போறும்னேன்." திரையில் நின்றுபோன ஆவியை யசோதா விரல்நுனியால் தொட்டாள். "இதைப் பார்த்தப்புறம்தான் நெய் வாசனை எப்படி இருக்கும்னே ஞாபகம் வந்தது. போன வருஷம் அந்த ஜுரம் வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியறதில்லைன்னா."