எடுத்த தட்டு

இரவுச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அவர் இன்சுலின் குப்பியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டார். காலையிலும் இரவிலும் அது தவறாது. தையல் வேலை செய்யும் மனைவி அவருக்குத் தட்டு வைத்தாள். அவர் சும்மா இருக்காமல், "உன் அண்ணனுக்கு வாய் மட்டும்தான் நீளம்" என்றார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வைத்த தட்டை எடுத்துவிட்டாள். "உங்க வாய் மட்டும் என்னவாம்? அதை வச்சே பசியாறுங்க!"

"உன் சோறு எனக்கு வேண்டாம் போ!"

அவள் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தாள். வெகுநேரம் கழித்து, "சாப்பிட வர்றீங்களா?" என்று அங்கிருந்தே கேட்டாள். பதில் இல்லை. வீம்பு என்று நினைத்து, கையிலிருந்த ரவிக்கையை முழுதாகத் தைத்து முடித்தாள்.

பிறகு எட்டிப் பார்த்தாள். ஓடும் மின்விசிறிக்குக் கீழேயே அவர் சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. கைகள் நடுங்கின.

"பஸ் வந்துடுச்சா?" என்று அவளிடம் குழறினார்.

ஊசி போட்டுக்கொண்டு அவர் ஒன்றும் சாப்பிடாதது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துப் பார்த்துக் குடிக்க வைத்தாள். கால் மணி கழித்து விரலில் குத்திப் பார்த்தபோது சர்க்கரை அளவு எழுபதைத் தாண்டியிருந்தது. உடனே சோறு பிசைந்து ஊட்டினாள்.

முந்தின இரவு என்ன ஆனது என்று மறுநாள் மகள் போனில் விசாரித்தாள். மனைவி வாய் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "நான்தாம்மா ஊசி போட்டுட்டு சாப்பிட மறந்துட்டேன்."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு. அவர் நீட்டிய போனை வாங்க அவள் கை எழவில்லை.