அந்தப் பேரை நீங்களே சொல்லுங்க

தை பிறந்து பத்து நாள் ஆகியும் வானம் வெளுக்கவில்லை. மேற்கே மழைக் கருக்கல் கட்டி நின்றது. வள்ளிக்கண்ணு காலையிலிருந்து நாலு தடவை வரப்பில் ஏறி அண்ணாந்து பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் அது ஒரு முழம் கிட்டே வந்தது போலத்தான் இருந்தது.

அமராவதிபுதூருக்குத் தெற்கே கண்மாய்ப் பாசனத்தில் அவளுக்கு ரெண்டு ஏக்கர். கதிர் முற்றித் தலை சாய்ந்து நின்றது. இன்றைக்கு அறுத்தால் நெல். ஒரு மழை விழுந்தால் கதிர் சேற்றில் படுத்துவிடும். நாலு நாளில் படுத்த இடத்திலேயே முளை விட்டுவிடும். புருஷன் குழந்தைவேலு கோயம்புத்தூரில் கட்டட வேலையில் இருந்தான். அடைமழை வந்தாலும் அவன் வர முடியாது. அறுவடை மிஷின்தான் வர வேண்டும்.

மிஷின் நெற்குப்பைப் பக்கம் நின்றது. ஓட்டுகிற மாயக்கண்ணன் பத்து மணிக்குப் போன் செய்திருந்தான்.

"அக்கா, இங்குட்டு வேலை முடிஞ்சிருச்சு. திருப்பத்தூர்ப் பக்கமிருந்து ஒருத்தரு கூப்பிட்டுக்கிட்டே இருக்காரு. ரெண்டு மணி நேரக் காசு அய்யாயிரம் முன்னாடி போட்டீகன்னா வண்டியை லாரியில ஏத்தி உங்க பக்கம் விடுறேன். போன வாரம் ஒரு ஊர்ல வரச் சொல்லிட்டு, வேற மிஷின் வந்துருச்சுன்னு திருப்பி அனுப்பிட்டாக. அதான் கேக்குறேன், தப்பா நினைக்காதீக."

"எம்புட்டு நேரம் பாப்பீக தம்பி?"

"அரை மணி நேரம். காசு போடுற நம்பரு இது இல்ல, வேற. எழுதிக்கிருங்க."

எழுதப் பேப்பர் ஏது? பம்புசெட்டு ரூமின் சுவரில் உடைந்த செங்கல் துண்டால் பத்து எண்ணையும் எழுதினாள். சுவரின் பூச்சு சொரசொரவென்று இருந்தது. செங்கல் அங்கங்கே தடுக்கித் தடுக்கிப் போனது.

அவளிடம் இருந்தது பட்டன் போன். மகன் காரைக்குடியில் காலேஜுக்குப் போகும்போது பெரிய போனை எடுத்துக்கொண்டு போய்விடுவான். பேங்கு கணக்கோடு சேர்த்திருந்தது இந்தப் பட்டன் போனின் சிம்மைத்தான். நூறு நாள் வேலைச் சம்பளம் வந்ததா என்று பார்க்க *99# போட அவளுக்கு மகன் சொல்லிக் கொடுத்திருந்தான். ஏடிஎம் கார்டின் கடைசி ஆறு எண்ணும் அது முடிகிற மாதமும் வருஷமும் கொடுத்து, பின் நம்பரையும் அன்றைக்கே வைத்தாகிவிட்டது. நெட் வேண்டாம், டவர் மட்டும் இருந்தால் போதும். அதிலேயே பணமும் அனுப்பலாம், ஆனால் ஒரே தடவையில் அய்யாயிரத்துக்கு மேல் போகாது. கணக்கில் கிடந்ததே ஏழாயிரத்து முந்நூற்று நாற்பதுதான்.

பக்கத்து வயல் முத்தரசு வரப்பில் வந்து நின்றான். அவன் குழந்தைவேலுக்குப் பங்காளி, சித்தப்பா மகன். கையில் பெரிய போன். அதில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"மதினி, எனக்கு நெட்டு செத்துப்போச்சு. நீங்க போட்டுருங்க. மிஷினு உங்களுக்கு வந்தா அப்படியே எனக்கும் அறுத்துட்டுப் போயிரும்."

"பதினாயிரத்துக்குப் போன் வாங்கி வச்சிருக்க, அய்யாயிரம் போட முடியலயாக்கும்."

"குத்திக் காட்டாதீக, நேரம் போகுது."

அவள் அழுத்தினாள். *99#. சின்னத் திரையில் பட்டியல் வந்தது. பணம் அனுப்ப ஒன்று. போன் நம்பருக்கு அனுப்ப மறுபடி ஒன்று. சுவரைப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டாள். திரை ஒரு நொடி யோசித்தது. பிறகு யாருக்குப் பணம் போகிறது என்று இங்கிலீஷ் எழுத்தில் ஒரு பெயர் காட்டி, எவ்வளவு என்று கேட்டது.

மாயக்கண்ணன் இல்லை. SINGARAVELU.

அவளுக்குக் கை நின்றுவிட்டது. பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்ட அவசியமே இல்லை. மகனின் மார்க் ஷீட்டில் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிற எழுத்துகள்தான். அது அவளுடைய மாமனாரின் பெயர். பேரனுக்கு அதே பெயரை வைத்தார்கள். மருமகள் சொல்லக் கூடாத பெயர் என்பதால், கல்யாணமான நாளிலிருந்தே அதை அவள் வாயால் சொன்னதில்லை. மகனை 'ராசு' என்றுதான் கூப்பிடுவாள். பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டபோதுகூட அவனையே சொல்ல வைத்தாள்.

"என்ன மதினி, பேயடிச்ச மாதிரி நிக்கிறீக?"

போனை நீட்டினாள். முத்தரசு படித்துவிட்டுச் சிரித்துவிட்டான்.

"சிங்காரவேலு! நம்ம பெரியப்பா செத்து ஏழு வருஷங்கழிச்சு மிஷினு ஓட்டப் போயிட்டாகளா?"

"சும்மா இருப்பா. பேரு வேறயால்ல வருது."

"வீட்டுப் பேரு வேற, பேங்குப் பேரு வேற. நம்ம ராசு கதைதான். அவன் ஆத்தாளும் மாமனாரு பேரைச் சொல்லமாட்டாம மாயக்கண்ணன்னு கூப்பிட்டிருக்கும். போடுங்க, போடுங்க."

அவளுக்கும் அது சரியென்றே பட்டது. எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறாள். அய்யாயிரம் என்று போடப் போனாள். ஆனால் பேசிக்கொண்டிருந்த நேரத்தில் திரை காலியாகிவிட்டது. அந்தச் சர்வீஸ் யாருக்காகவும் ரொம்ப நேரம் காத்திருக்காது. பதில் போடாவிட்டால் தானே மூடிக்கொள்ளும்.

"ஐயையே. மறுபடி முதல்லருந்தா?" என்ற முத்தரசு தன் போனைத் தூக்கிப் பிடித்தபடி கண்மாய்க் கரையைப் பார்த்து ஓடினான். "மேல ஏறுனா நெட்டு கிடைக்கும். நீங்க போட்டுக்கிட்டே இருங்க!"

காற்று மாறி வீசியது. ஈர மண் வாடை எங்கிருந்தோ வந்தது. மறுபடியும் ஒன்று, ஒன்று, பத்து எண். மறுபடியும் அதே பெயர். விரல் அஞ்சு என்ற பட்டனின் மேல் நின்றது. அமுக்கவில்லை. ஒரு தடவை கேட்டுவிட்டால்தான் என்ன? போனை வெட்டிவிட்டு மாயக்கண்ணனைக் கூப்பிட்டாள். வேறொருவரோடு பேசிக்கொண்டிருந்தான். மறுபடி கூப்பிட்டாள். அதே சத்தம். திருப்பத்தூர்க்காரனாகத்தான் இருக்கும். நாலாவது தடவை எடுத்தான்.

"என்னக்கா, போட்டுட்டீகளா?"

"இல்ல தம்பி. பேரு வேறயா வருது."

"என்ன பேரு வருது? சொல்லுங்க, ஆமாவா இல்லயான்னு சொல்லிர்றேன்."

வள்ளிக்கண்ணு வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். சுற்றிலும் யாரும் இல்லை. கதிரும் காற்றும்தான். சொன்னால் கேட்க மாமனார் எழுந்து வரப் போவதில்லை. ஆனாலும் நாக்கு புரளவில்லை.

"சொல்லுங்கக்கா. இங்க லாரிக்காரன் கத்துறான்."

"நான் சொல்லமாட்டேன் தம்பி. அந்தப் பேரை நீங்களே சொல்லுங்க."

"இது என்ன விடுகதையா? சிக்னலு சரியில்ல, என்ன பேருன்னாலும் நம்ம பேராத்தான் இருக்கும். போடுங்க."

"எங்க மாமனாரு பேரு அது. சொல்ல வராது. பேங்குல உங்க பேரு என்ன? அதை மட்டும் சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அந்தப் பக்கமிருந்து சிரிப்பு வந்தது.

"எங்க ஆத்தாளும் இப்படித்தான். அது வச்ச பேருதான் மாயக்கண்ணன். பேங்குல தாத்தா பேரு. சேவுகன்."

அவள் போனைக் காதோடு இறுக்கிப் பிடித்தாள்.

"சேவுகனா?"

"ஆமா. அதான வருது?"

"இல்ல. அது இல்ல."

கையை நீட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். தான் அந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் இவன் அவசரத்தில் 'ஆமா, ஆமா' என்றிருப்பான். எங்கோ இருக்கிற, முகம் தெரியாத ஒருவருக்கு அய்யாயிரம் போயிருக்கும். மிஷினும் வந்திருக்காது.

"நம்பரைத் திரும்பச் சொல்லுங்க தம்பி. மெதுவா."

அவன் சொல்லச் சொல்லச் சுவரில் விரல் வைத்துக்கொண்டே வந்தாள். ஏழாவது எண்ணில் விரல் நின்றது. அவன் சொன்னது ஒன்று. செங்கல் தடுக்கி, தலையில் ஒரு கொம்பு விழுந்து, அது ஏழாக நின்றிருந்தது.

"லாரியை ஏத்தச் சொல்லவா, வேண்டாமாக்கா?"

"போனை வையுங்க. போனுல பேசிக்கிட்டே போட முடியாது. அஞ்சு நிமிசம்!"

மூன்றாம் தடவை. இப்போது SEVUGAN என்று வந்தது. அய்யாயிரம். குறிப்பு எதுவும் வேண்டாம் என்பதற்கு ஒன்று. பின் நம்பர் கேட்டது. ஆறு எண்ணையும் போட்டு அனுப்பினாள்.

பதில் வரவில்லை.

திரை அப்படியே நின்றது. பிறகு ஏதோ கோளாறு என்று இங்கிலீஷில் ஒரு வரி காட்டிவிட்டு அணைந்தது. போயிற்றா, போகவில்லையா? டவர் ஒரு கோடு இருந்தது, இல்லாமல் போனது, மறுபடி வந்தது. கரை மேலிருந்து முத்தரசு கத்தினான்.

"போகலேன்னா இன்னொரு தடவை போடுங்க மதினி!"

"இன்னொரு தடவை போட எங்கப்பன் வீட்டுக் காசா இருக்கு?" என்று அவளும் கத்தினாள். கணக்கில் இன்னொரு அய்யாயிரம் இல்லை என்பது அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

*99#. இந்தத் தடவை மூன்று, இருப்புப் பார்க்க. பின் நம்பர். வட்டமும் இல்லை, சத்தமும் இல்லை. வெறுமனே காத்திருப்பு. முகத்தில் ஒரு சொட்டு விழுந்தது. மழையா, வேர்வையா என்று அவள் பார்க்கவில்லை.

2340.

போய்விட்டது. மாயக்கண்ணனே போன் அடித்தான். "வந்துருச்சுக்கா. லாரி கிளம்பிருச்சு."

மிஷின் வந்து இறங்க மத்தியானம் ஒரு மணி ஆகிவிட்டது. அதுவரை வள்ளிக்கண்ணு உட்காரவில்லை. சாக்குகளை எண்ணி அடுக்கினாள், எண்ணிக்கை மறந்து மறுபடி எண்ணினாள். வயலுக்குள் மிஷின் இறங்கியபோதும் அவள் பார்வை மேற்கேதான் இருந்தது. ரெண்டு ஏக்கரும் முடிய இன்னும் நாலு பாத்தி இருக்கும்போது தூறல் விழுந்தது. மாயக்கண்ணன் லைட்டைப் போட்டுக்கொண்டு நிறுத்தாமல் ஓட்டினான். கடைசி நெல்லைக் கொட்டி முடித்துத் தார்ப்பாயை இழுத்து மூடியபோது, முத்தரசின் வயலில் மிஷின் திரும்பிக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு ஏக்கர்தான் அறுவடையானது. மீதி ஒரு ஏக்கரில் தண்ணீர் ஏறிவிட்டது.

முத்தரசு தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு பம்புசெட்டு ரூமுக்குள் வந்தான். மிஷினை நிறுத்திவிட்டு மாயக்கண்ணனும் நனைந்தபடி உள்ளே வந்து நின்றான்.

"அக்கா, பாக்கிக் காசு அப்புறம் பேசிக்கிருவோம். அந்தப் பேரு என்னன்னு மட்டும் சொல்லுங்க. காலையிலருந்து மண்டையைக் குடையுது."

முத்தரசு வாயைத் திறந்தான். வள்ளிக்கண்ணு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அவன் மூடிக்கொண்டான்.

அவள் போனை எடுத்தாள். சுவரில் இருந்த நம்பரை, கொம்பு வைத்த ஏழோடு, மறுபடி ஒவ்வொன்றாகப் போட்டாள். பெயர் வந்ததும் திரையை மாயக்கண்ணன் முகத்துக்கு நேரே பிடித்தாள். எவ்வளவு என்று அது கேட்டுக்கொண்டு நின்றது. அவன் படித்து முடித்ததும் வெட்டிவிட்டாள். பிறகு முந்தானையை மழையில் நனைத்துக்கொண்டு வந்து, அந்த ஏழின் கொம்பைத் தேய்க்கத் தொடங்கினாள். செங்கல் சிவப்பு சட்டென்று போகவில்லை.