கோகுலராஜின் இணையதளம்

ஹட்டனில் இணையதளம் செய்துகொடுக்கும் ஹம்சினி, கோகுலராஜின் முதல் நாவலுக்கான தளத்தில் மாதிரி அத்தியாயத்தையும், மின்னஞ்சல் பட்டியலில் சேரும் பகுதியையும், புத்தகம் கிடைக்கும் கடைகளையும் முகப்பிலேயே வைத்தாள்.

"அத்தியாயத்த எடுத்துட்டு என் பொன்னாடைப் படங்கள போடுங்க," என்றார் அவர்.

"வாசிச்சுப் பாக்காம யாருங்க சார் வாங்குவாங்க?"

"என்னையப் பாத்தா வாங்குவாங்க."

அத்தியாயம் போய்ப் படங்கள் வந்தன. ஒரு மாதத்தில் பட்டியலில் சேர்ந்தது வட்டவளையிலிருந்து நிஷாந்தி என்ற வாசகி மட்டுமே. கோகுலராஜ் அனுப்பிய முதல் மடலிலும் அவர் படங்களே இருந்தன. "கதை எதப் பத்தின்னு சொன்னீங்கன்னா வாங்குவேன் சார்," என்று நிஷாந்தி பதில் எழுதினாள்.

"மரியாத தெரியாதவ! பட்டியல்லருந்து தூக்குங்க."

"அவங்க ஒருத்தங்கதான் சார் இருக்காங்க."

"தூக்குங்க!"

ஹம்சினி தூக்கினாள். அவரோ இரண்டாவது மடலுக்குப் படம் தேடத் தொடங்கினார்.