புகைக்கு ஒரு வழி

அக்கா இருமத் தொடங்கினால் தங்கைக்கு அடுப்படியில் கை ஓடாது. ஒரே அறை, அதை ஒட்டி ஒரு சமையலறை, நடுவில் ஒரு திரைச்சீலை. வீடு அவ்வளவுதான். அந்தச் சமையலறையில்தான் தங்கை கிழங்குச் சீவலும் காரக்கடலையும் வறுத்து, நாலு தெரு தள்ளியிருந்த அலுவலகங்களின் டீக்கடைகளுக்குக் கொடுத்து வந்தாள். சீவல் பொரியும்போது எழும் புகையைக்கூடச் சகித்துக்கொள்ளலாம். கடலைக்குத் தாளிக்கக் காய்ந்த மிளகாயை எண்ணெயில் போட்டால்தான் வினை. நெடி திரையைத் தாண்டி அறைக்குள் போய், கட்டிலில் உட்கார்ந்து கிழங்கு தோல் சீவிக்கொண்டிருக்கும் அக்காவின் நெஞ்சைப் பிடிக்கும்.

கணவர் தவறிப்போன பிறகு அக்கா இங்கே வந்து சேர்ந்தாள். தங்கைக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு பேரும் ஒண்டிக்கட்டைகள். ஆனால் சேர்ந்திருக்கும்போது வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அக்கா வாயைத் திறந்தால் கிண்டல்தான்.

"உன் மிளகாய்க்கு என் மேல என்னடி பகை? நேரா என்னைத் தேடி வருதே" என்பாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

முதலில் அதெல்லாம் சிரிப்பாக இருந்தது. பிறகு மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. நடுவில் நின்று, கைப்பிடியைப் பிடித்தபடி, படியின் மேல் குற்றம் சொல்வாள். மருத்துவர் நெஞ்சில் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்ல என்ன சமையல்?" என்று கேட்டார். தங்கை சொன்னாள். "அந்தப் புகை வெளியில போகணும். இல்லன்னா இவங்க வெளியில போகணும்" என்றார்.

அன்றைக்கே தங்கை கடைக்குப் போனாள். சுவரில் மாட்டும் சாதாரண எக்ஸாஸ்ட் ஃபேனைக் காட்டச் சொன்னாள். விற்பனையாளர் உதட்டைப் பிதுக்கினார்.

"தினமும் எண்ணெயில பொரிக்கிறீங்க. ஃபேன் தாங்காதுங்க. எண்ணெய்ப் பிசுக்கு இறக்கையில ஒட்டிக்கும், சுவரெல்லாம் வழியும். சிம்னின்னா அடுப்புக்கு நேர் மேலயே உறிஞ்சிடும். எண்ணெய் தனியா தட்டில வடிஞ்சிடும்."

அவர் சொன்னதில் பொய்யில்லை. கடையில் காட்சிக்கு வைத்திருந்த அடுப்புக்கு மேல் முக்கால் மீட்டர் உயரத்தில் பளபளவென்று தொங்கிய அந்தக் கூண்டைப் பார்த்ததும் தங்கைக்கு மனசு அதிலேயே நின்றுவிட்டது. அக்காவுக்குச் செய்வதில் எதற்குக் கஞ்சத்தனம் என்று நினைத்தாள்.

சிம்னியின் குழாயை வெளியே விடச் சுவரில் பெரிய ஓட்டை போட வேண்டும். வீட்டுக்காரர் கீழ்த்தளத்தில் இருந்தார். கேட்டதும் முகம் சுருங்கியது.

"சுவரைத் தொடாதீங்கம்மா. முன்னாடி குடியிருந்தவங்க ஒரு ஓட்டை போட்டு, எண்ணெய் வழிஞ்சு வழிஞ்சு அந்தப் பக்கமே கருத்துப்போச்சு. படியில போறவங்க எல்லாம் என்னைத்தான் கேக்குறாங்க."

கெஞ்சிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. கடைக்காரரிடம் திரும்பிப் போனபோது அவர் வேறு வழி சொன்னார். குழாயே இல்லாமல் மாட்டலாம். உள்ளே கரி வடிகட்டி இருக்கும். புகையை உறிஞ்சி, சலித்து, மேல் பக்கமாக அறைக்குள்ளேயே விட்டுவிடும். தங்கை தலையாட்டினாள்.

மாட்டிய புதிதில் வீடே மாறியதுபோல் இருந்தது. எண்ணெய்ப் புகை கூண்டுக்குள் போவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. அக்கா திரையை ஒதுக்கி எட்டிப் பார்த்து, "கல்யாணக் கூடம் மாதிரி இருக்கு, விளக்கெல்லாம் எரியுது" என்றாள். அந்த வாரம் இருமல் குறைந்தது. இருவரும் அதை நம்பினார்கள்.

ஆனால் தினம் வாணலி நிறைய பொரிக்கும் வீட்டில் கரி எத்தனை நாள் தாங்கும்? எண்ணெய் ஏறி அது அடைத்துப்போனது. கீழே இருந்த உலோகத் தட்டிகளைத் தங்கை சோடா மாவும் வெந்நீருமாக ஊற வைத்துத் தேய்த்தாள். கரியைக் கழுவ வழியில்லை, மாற்றத்தான் வேண்டும். புதுசு போட்டாலும் சில நாள்தான். மிளகாய் நெடி முன்னைவிட மோசமாகத் திரும்பியது. முன்பு ஜன்னலைத் திறந்துவைப்பாள். சிம்னி வந்த தைரியத்தில் அதை மூடி வைத்திருந்தாள். கூண்டு உறிஞ்சிய காற்றையே திரும்பத் திரும்ப அறைக்குள் ஊதிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மதியம் கடலைக்குத் தாளித்துக்கொண்டிருந்தபோது அறையில் ஏதோ விழுந்த சத்தம். அக்கா கட்டிலுக்குக் கீழே, கையில் கத்தியோடு, வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. அக்கம்பக்கத்தார் வண்டி பிடித்து மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

அங்கிருந்து அக்கா வீட்டுக்குத் திரும்பவில்லை. தம்பி வந்து ஊருக்கு அழைத்துக்கொண்டு போனான். "அங்க தோட்டம் இருக்கு, காத்து வரும். இங்க வேணாம்" என்றான். தங்கையைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. வறுவலை நிறுத்தினால் வாடகைக்கு வேறு வழியில்லை. அது மூன்று பேருக்கும் தெரியும்.

சிம்னியைக் கழற்ற ஒரு மெக்கானிக் வந்தார். கழற்றிவிட்டு, கையைத் துடைத்தபடி மேலே பார்த்தார். அடுப்புக்கு எதிர்ச் சுவரில் கூரைக்குச் சற்றுக் கீழே, கண்ணாடிச் சட்டங்கள் வைத்த பழைய வெளிச்சத் துவாரம் ஒன்று இருந்தது.

"அந்தக் கண்ணாடியை எடுத்துட்டு அங்கேயே ஒரு ஃபேன் வெச்சிடலாமேம்மா. சுவரை உடைக்க வேணாம். பிசுக்கு வழியாம வெளியில ஒரு தகர மூடியும் தட்டும் போட்டா போதும்."

தங்கை கீழே போய் வீட்டுக்காரரிடம் கேட்டாள். அவர் மேலே வந்து துவாரத்தைப் பார்த்தார். காலியாக இருந்த கட்டிலையும் பார்த்தார்.

"இதுக்கு நான் எதுக்கும்மா வேணாம்னு சொல்லப்போறேன்? நீங்க சுவரை உடைக்கணும்னுதானே கேட்டீங்க."

ஆமாம், அப்படித்தான் கேட்டிருந்தாள்.

இரும்பு ஃபேன் வந்தது. மெக்கானிக் ஓட்டிக் காட்டினார். "அடுப்புப் பக்கத்து ஜன்னலைச் சாத்திடுங்க. அறையோட வாசக் கதவைக் கொஞ்சம் திறந்து வைங்க. காத்து உள்ள வந்தாத்தான் இது வெளிய தள்ளும். இறக்கையை வாராவாரம் துடைக்கணும், ஸ்விட்சை அணைச்சிட்டு." அவள் மிளகாயைத் தாளித்தாள். அறையைக் கடந்து வந்த காற்று நெடியை மேலே தூக்கிக்கொண்டு போனது. கட்டில் பக்கம் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தாள். அடுப்பங்கரைச் சுவரில் கொஞ்சம் பிசுக்குப் படிந்தது, அதைத் துடைத்தாள். கட்டில் பக்கம் எதுவும் வரவில்லை.

அடுத்த நாளே பஸ் ஏறினாள். தம்பி வீட்டில் அக்கா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் ஆக்ஸிஜன் குழாய். பக்கத்தில் ஒரு பெட்டி உறுமிக்கொண்டிருந்தது.

"வாடி" என்றாள் அக்கா. அந்த ஒரு வார்த்தைக்கே மூச்சு வாங்கியது.

தங்கை ஃபேனைப் பற்றிச் சொன்னாள். கதவைத் திறந்து வைப்பதைச் சொன்னாள். "இப்ப வீட்ல புகையே இல்லக்கா. கொஞ்சம் தேறினதும் வந்துடு."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் போடுமா அது?"

"கொஞ்சம் போடும்."

"போடட்டும். நீ தனியா இருக்கறப்ப ஏதாவது பேசிட்டு இருக்கட்டும்." சிரிக்கப் பார்த்தாள், இருமல் வந்துவிட்டது. தணிந்த பிறகு சொன்னாள். "இந்தப் பெட்டியை விட்டு என்னால வர முடியாதும்மா. அந்தப் படியும் ஏற முடியாது. டாக்டர் சொல்லிட்டாரு. நீ வேலையை நிறுத்தாத."

தங்கை சீப்பை எடுத்து அக்காவின் தலையை வாரிவிடத் தொடங்கினாள். குழாயின் நாடா முடியில் சிக்கியது. மெதுவாக விலக்கிப் பின்னலைப் போட்டாள். முடி பாதியாகக் குறைந்திருந்தது. சாயங்காலம் தம்பி பஸ் நிலையம் வரை வந்து ஜன்னலோர இருக்கை பிடித்துக் கொடுத்தான். வண்டி ஊரைத் தாண்டிய பிறகுதான் அவள் அழுதாள்.