டிராஃப்டின் பின்பக்கம்

அக்கா அழுததை நான் நம்பினேன். அதுதான் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. பணம் போனால் வயிறு எரியும், அவ்வளவுதான். அவளுக்காக நானும் சேர்ந்து அழுதேனே, அந்த அழுகையை யாரிடம் போய்க் கேட்பது?

நானும் அக்காவும் எட்டு வருடமாக ஒரு மருத்துவமனையில் கேன்டீன் நடத்தினோம். நான் அடுப்பு, அவள் கல்லா. உரிமம் என் பெயரில். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை டெண்டர் வரும். முன்பணத்தை மருத்துவமனைக் கண்காணிப்பாளர் பெயருக்கு டிமாண்ட் டிராஃப்டாகத்தான் கட்ட வேண்டும். காசு வாங்க மாட்டார்கள், செக் வாங்க மாட்டார்கள், போனில் அனுப்பினாலும் செல்லாது. உலகமே போனில் பணம் அனுப்பும் காலத்தில் இது என்ன கூத்து என்று நான் கேட்டிருக்கிறேன். "செக் திரும்பி வரும்மா. டிராஃப்ட் அப்படி இல்ல, பணத்தை முன்னாடியே பேங்க் எடுத்து வச்சிக்கிட்டுதான் குடுக்குது" என்றார் டெண்டர் கிளார்க்.

இந்த முறை இரண்டு லட்சம். இருந்ததை எல்லாம் வழித்துத் துடைத்து என் கணக்கிலிருந்து டிராஃப்ட் எடுத்தேன். கடைசி நாள் வெள்ளிக்கிழமை, மூன்று மணிக்குள் பஸ் ஏறிப் போய் டெண்டர் அலுவலகப் பெட்டியில் போட வேண்டும். அன்று மதியம் வார்டுகளுக்கு இருநூறு டீ கேட்டிருந்தார்கள். என்னால் அடுப்பை விட்டு நகர முடியவில்லை. "குடு, நான் போட்டுட்டு வரேன்" என்று டிராஃப்ட் இருந்த டெண்டர் உறையை அக்கா வாங்கிக்கொண்டாள்.

நாலு மணிக்கு வெறுங்கையோடு வந்தாள்.

"பஸ்ல பையை அடிச்சிட்டாங்கடி. கவரும் அதுக்குள்ளதான். எல்லாம் என்னாலதான்."

மூன்று மணி தாண்டிவிட்டது. பெட்டியை மூடியிருப்பார்கள். எட்டு வருடக் கடை ஒரு பஸ் பயணத்தில் கைவிட்டுப் போயிற்று. நான் கத்தவில்லை. நான் யாரென்று தெரிந்தவர்கள் இதை நம்ப மாட்டார்கள், ஆனால் கத்தவில்லை. பித்துப் பிடித்தவள் மாதிரி அழுதுகொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு டீ போட்டுக் கொடுத்து, "விடு, உன் உசுரு போகலியே" என்று சொல்லி நானும் அழுதேன்.

டெண்டர் போனாலும் பணமாவது திரும்ப வேண்டுமே. திங்கட்கிழமை வங்கிக்குக் கிளம்பினேன்.

"அதுக்குள்ள என்ன அவசரம்? யாராவது பையைக் கொண்டுவந்து குடுப்பாங்க. ஒரு வாரம் பொறு" என்றாள் அக்கா.

"ரெண்டு லட்சம்க்கா! கண்டவன் கையில கிடைச்சா?"

டிராஃப்ட் கவுண்ட்டரில் கண்ணாடி போட்ட மேடம் ஒருவர் இருந்தார். சிரிக்கவே சிரிக்காதவர். என்னிடம் இருந்த ஜெராக்ஸை வாங்கி, நம்பரைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னும் பணமாகலை. பயப்படாதீங்க, கோடு போட்ட டிராஃப்ட். அந்த ஆஸ்பத்திரி கணக்குல மட்டும்தான் விழும்."

"அப்போ உடனே கேன்சல் பண்ணிக் குடுங்க மேடம்."

"கேன்சல் பண்ண அசல் வேணும். அசல் கையில இருந்தா பத்து நிமிஷ வேலை, கொஞ்சம் கட்டணம் பிடிச்சிட்டுப் பணத்தைக் கணக்குல போட்டுடுவோம். தொலைஞ்சதுன்னா, எடுத்தவங்க நீங்கதான் எழுதிக் குடுக்கணும். முத்திரைத்தாள்ல உறுதிப் பத்திரமும் வேணும். நாங்க சரிபார்த்து டூப்ளிகேட் குடுப்போம். அதைக் கேன்சல் பண்ணிக்கலாம். பதினஞ்சு நாளுக்குள்ள ஆயிடும்."

"அதுவரைக்கும் யாரும் எடுக்க முடியாதபடி நிறுத்தி வைங்க."

"செக்கை நிறுத்துற மாதிரி இதை நிறுத்த முடியாதும்மா. இது பேங்க் குடுத்த வாக்கு. தொலைஞ்சதுன்னு குறிச்சு வைப்போம். வந்தா பார்த்து உங்களுக்குச் சொல்லுவோம்."

பத்திரத்துக்கு ஒரு ஜாமீன்தாரர் வேண்டும் என்றார். அசல் பின்னால் எங்காவது பணமாகி வங்கிக்கு நஷ்டம் வந்தால், நானும் ஜாமீன்தாரரும் கட்டுவதாக எழுத வேண்டும். தொலைத்தவளையே கூட்டிக்கொண்டு போனேன். நோட்டரி பத்திரத்தை உரக்கப் படித்தார்: "மேற்படி டிராஃப்ட் பேருந்தில் தொலைந்துவிட்டது என்று உறுதி கூறுகிறோம்." அக்கா என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

ஒன்பதாம் நாள் மேடம் போன் செய்தார். "உங்க டிராஃப்ட் வந்திருக்கு. நேர்ல வாங்க."

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். யாரோ நல்லவர் பையை மருத்துவமனையில் சேர்த்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். அக்காவுக்கு இனிப்பு வாங்கிப் போகலாம் என்றுகூட யோசித்தேன். இதைச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது.

மேடம் திரையை என் பக்கம் திருப்பினார். "ஆஸ்பத்திரி தன் கணக்குல போட்டிருக்கு. உரியவங்கதான் கேக்குறாங்க, எங்களுக்குத் திருப்பி அனுப்பக் காரணம் இல்ல. பணம் குடுத்தாகணும். டூப்ளிகேட் இனி கிடையாது. ஆனா இதைப் பாருங்க."

திரையில் டிராஃப்டின் படம். முன்பக்கம், வாங்கியவர் என்ற இடத்தில் என் பெயர் அச்சாகியிருந்தது. அடுத்து பின்பக்கத்தைக் காட்டினார். டெண்டர் டிராஃப்டின் பின்னால் டெண்டர் போடுகிறவர் பெயரும் போன் நம்பரும் எழுதிக் கையெழுத்துப் போடுவது வழக்கம். கலந்துபோனால் கண்டுபிடிக்க வேண்டுமே. அன்று டீ அவசரத்தில் நான் அதை எழுதாமலே கொடுத்துவிட்டிருந்தேன். அங்கே அக்காவின் பெயர், அக்காவின் நம்பர், அக்காவின் கையெழுத்து.

மேடம் உறுதிப் பத்திரத்தை எடுத்து மேசையில் வைத்தார். ஜாமீன்தாரர் என்ற இடத்திலும் அதே கையெழுத்து.

"பஸ்ல போனதுன்னீங்க" என்றார்.



அங்கிருந்து நேரே டெண்டர் அலுவலகத்துக்குப் போனேன். வெள்ளிக்கிழமை அக்கா தன் பெயரில் டெண்டர் போட்டிருக்கிறாள். கவரைப் பிரிக்கும்போதும் நின்றிருக்கிறாள். கிளார்க் தொகையைப் பார்த்திருக்கிறார், கண்காணிப்பாளர் பெயரைப் பார்த்திருக்கிறார்; வாங்கியவர் பெயரை யார் பார்க்கிறார்கள்? நான் சொன்ன பிறகுதான் கோப்பை எடுத்துப் பார்த்து நெற்றியில் தட்டிக்கொண்டார்.

அக்காவையும் வரவழைத்தார். வந்தவள் என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ஏன்டி?" என்றேன்.

"எட்டு வருஷம் போர்டுல உன் பேரு. நான் எச்சில் கிளாஸ் கழுவிட்டு, கல்லாவையும் பார்த்து, உன் திட்டையும் வாங்கிட்டுக் கிடந்தேன். ஒரு தடவை என் பேருக்கு எடுன்னு கேட்டேன். சிரிச்சியே, ஞாபகம் இருக்கா?"

ஞாபகம் இருந்தது. சிரித்தது உண்மைதான்.

"பணத்தை உனக்குத் திருப்பிக் குடுத்திருப்பேன். சத்தியமா."

கிளார்க் ஒரு வெள்ளைத்தாளை என் முன் நகர்த்தினார். "இவங்களுக்காக நீங்கதான் குடுத்தீங்கன்னு எழுதிக் குடுத்தா இவங்க டெண்டர் நிக்கும். இல்லேன்னா தள்ளுபடி. பணம் உங்க கணக்குக்கே திரும்பும். ஆனா உங்களுக்கும் கடை கிடையாது, நீங்க டெண்டரே போடலியே. அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"எழுதுடி" என்றாள் அக்கா. "வேற ஆள் கைக்குப் போகணுமா? சேர்ந்தே நடத்தலாம். போர்டுல உன் பேரே இருக்கட்டும்."

எனக்கு அடுப்பு கண்ணுக்குள் வந்தது. காலை ஐந்து மணிக்குப் பால் பொங்கும் வாசனை வந்தது. ஒரு வரி எழுதினால் கடை நிற்கும்.

'இந்த டிராஃப்டை நான் இவருக்காகக் கொடுக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அக்கா இந்த முறை அழவில்லை.

மாதக் கடைசியில் பாத்திரங்களை வண்டியில் ஏற்றினேன். பணம் கணக்குக்கு வந்த அன்று, இனி தேவையில்லை என்று மேடம் உறுதிப் பத்திரத்தைக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அக்காவின் கையெழுத்தை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தேன். ஓர் எழுத்தாவது கோணியிருக்கும், ஓரிடத்திலாவது கை நடுங்கியிருக்கும் என்று தேடினேன். அச்சடித்த மாதிரி அழகாகப் போட்டிருந்தாள்.