விவரிப்பில் விட்டுப்போன ஒரு வரி

வகுப்பிலிருந்த முப்பத்திரண்டு பேரும் அவளைப் பெரியக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். மற்றவர்களுக்கெல்லாம் பத்தொன்பது, இருபது வயது. அவளுக்கு நாற்பத்தொன்று. பதினாலு வருடம் கால்டாக்ஸி அலுவலகத்தில் போன் எடுத்துவிட்டு, பிள்ளைகள் இரண்டும் தலையெடுத்த பிறகு நர்சிங் படிக்க வந்தவள். பாடம் எடுக்கும் ஆசிரியைக்கே இருபத்தொன்பதுதான். மேடம் என்று இவள் கூப்பிட்டால் அந்தப் பெண் ஒரு நொடி கூச்சப்பட்டுத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

மருத்துவமனைப் பயிற்சிக்குப் போகும் நாட்களில் ஒவ்வொருவரும் டைரி எழுத வேண்டும் என்பது கல்லூரி விதி. வகுப்புப் பிள்ளைகள் பஸ்ஸில் வரும்போது நாலு வரி கிறுக்கிக் கடமையை முடித்துக்கொள்வார்கள். பெரியக்கா அப்படியில்லை. பதினாலு வருடம் போனில் பேசிய வாய் அல்லவா? நாளுக்கு நாலு பக்கம் எழுதினாள். அதில் ஒரு நாள் இப்படி இருந்தது:

"இன்னைக்கும் மீசைக்காரர் என் பிராணனை வாங்கிட்டார். இடுப்பு எலும்பு ஆபரேஷன் ஆன மனுஷன், தண்ணி குடிங்கன்னு சொன்னா என்னமோ விஷத்தைக் குடுத்த மாதிரி முறைக்கிறார். நான் எவ்வளவு பொறுமையா எடுத்துச் சொன்னாலும் காதுலயே போட்டுக்கல. பிடிவாதம்னா பிடிவாதம், அப்படி ஒரு பிடிவாதம். காலையில மட்டும் சமத்தா இருக்கார். மதியம் நான் வந்தா வேதாளம் ஏறிடுது. என்னைப் பிடிக்கல போல. ராசி அப்படி."

பருவத்தின் கடைசியில் ஆசிரியை புது வேலை கொடுத்தாள். டைரியிலிருந்து ஒரே ஒரு சம்பவத்தை எடுத்து ஐந்து தலைப்பில் எழுத வேண்டும். என்ன நடந்தது என்ற விவரிப்பு. அப்போது மனதில் என்ன ஓடியது என்ற உணர்வுகள். எது சரியாகப் போனது, எது போகவில்லை என்ற மதிப்பீடு. ஏன் அப்படி ஆனது என்ற பகுப்பாய்வு. அடுத்த முறை என்ன செய்வேன் என்ற செயல் திட்டம். நோயாளியின் பெயரோ கட்டில் எண்ணோ வரக் கூடாது.

இதென்ன பிரமாதம் என்று பெரியக்கா மீசைக்காரர் பக்கத்தை எடுத்தாள். அப்படியே காப்பி எடுத்தாள். பத்திக்கு ஒரு தலைப்பு என்று ஐந்தையும் ஒட்டினாள். சனிக்கிழமை காலை கொடுத்தாள். மதியமே திரும்பி வந்தது.

"படிக்க நல்லா இருக்கு," என்றாள் ஆசிரியை. "நான் சிரிச்சேன். ஆனா இது தலைப்பு போட்ட டைரிங்க. விவரிப்புல உங்க கோபம் இருக்கு. பகுப்பாய்வுல ராசின்னு இருக்கு. செவ்வாய்க்கிழமை வரைக்கும் டைம் தர்றேன், திரும்ப எழுதிக் குடுங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையை ஒழித்துவிட்டு உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம் ஆகியும் பேனா நகரவில்லை. கணவர் இரண்டு தடவை எட்டிப் பார்த்து, சூழ்நிலை சரியில்லை என்று புரிந்துகொண்டு, துணி காயப்போட மாடிக்குப் போய்விட்டார். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்து சேர்ந்தாள். அவளுக்கு இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை. வண்டி மோதினவர்கள், மோதப்பட்டவர்கள் இரு தரப்பும் எழுதித் தருவதைப் படித்து, அதில் எது நடந்தது, எது கதை என்று பிரித்துப் போடுவதுதான் அவள் பிழைப்பு.

காகிதத்தை வாங்கிப் படித்தாள். "அண்ணி, கலர் பென்சில் இருக்கா வீட்டுல?"

"எதுக்கு?"

"கண்ணால பார்த்தது, காதால கேட்டது எல்லாத்துக்கும் அடியில நீலக் கோடு. உங்களுக்குத் தோணினதுக்குச் சிவப்பு. நீங்களா யூகிச்சதுக்குப் பச்சை."

மூத்த மகனின் பழைய பள்ளிக்கூடப் பெட்டியிலிருந்து பென்சில்கள் வந்தன. 'முறைக்கிறார்' என்ற இடத்தில் பெரியக்கா நீலக் கோடு போடப் போனாள். நாத்தனார் கையைப் பிடித்தாள்.

"முறைச்சாரா? கண்ணை என்ன பண்ணினார்?"

"என்ன பண்ணினார்னா... என்னைப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டார்."

"அவ்வளவுதான் நீலம். முறைச்சார்ங்கறது பச்சை. பிடிவாதமும் பச்சை."

"என் பொறுமை?"

"உங்க பொறுமைக்கு இன்னொரு கலர் வேணும்."

பெரியக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் நாலு பக்கத்தையும் கோடு போட்டு முடித்தபோது சிரிப்பு போய்விட்டது. பக்கமெல்லாம் சிவப்பும் பச்சையுமாகக் கிடந்தது. நீலம் மொத்தம் ஏழே வரி.

"இந்த ஏழு வரிதான் விவரிப்பு," என்றாள் நாத்தனார். "ஆனா ஒண்ணு இடிக்குது. நீங்க டம்ளரை நீட்டினீங்க, அவர் வாங்கலை. அடுத்த வரியில அவர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கிட்டார். நடுவுல நீங்க ஏதோ சொல்லியிருப்பீங்களே?"

"எடுத்துச் சொன்னேன்னு எழுதியிருக்கேனே."

"எங்க ஆபீஸ்ல இப்படி எழுதினா திருப்பி அனுப்பிடுவேன். என்ன வார்த்தை?"

பெரியக்கா பென்சில் முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சீவ வேண்டிய அவசியமே இல்லாத பென்சில் அது. எடுத்துச் சீவினாள்.

"'குடிக்கலைன்னா கையில ஊசி குத்தி டிரிப்ஸ் ஏத்துவாங்க, அப்புறம் உங்க பாடு'ன்னு சொன்னேன்."

நாத்தனார் நீலப் பென்சிலை அவள் பக்கம் தள்ளினாள், அவ்வளவுதான். அதுதான் தாங்க முடியவில்லை. கடிந்துகொண்டிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டிருக்கலாம். எழுபது வயது மனிதரை மிரட்டியிருக்கிறோம் என்பது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது. டைரி எழுதும்போது கை அந்த வரியைத் தாண்டிப் போயிருக்கிறது, அதுவும் அவளுக்குத் தெரியாமலே.

"இதை எழுதினா மார்க் போயிடும்," என்றாள் மெதுவாக.

"போகலாம். எழுதாட்டி அவர் ஏன் போர்வையை மூடினார்னு யாருக்கும் புரியாது."

அந்த வரியை நீலத்தில் எழுதினாள். எழுதியதும் கை கொஞ்சம் லேசானது. உணர்வுகள் சுலபமாக வந்தன. எரிச்சல் என்று எழுதி, அதற்கு அடியில் பயம் என்றும் எழுதினாள். அவர் குடிக்காத கணக்கு குறிப்பு அட்டையில் ஏறினால் தன்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம். மதிப்பீட்டில், குடித்த அளவை ஒளிக்காமல் குறித்ததை நல்லது பக்கம் போட்டாள். மிரட்டியதையும், காரணம் கேட்காததையும், பொறுப்பு நர்சிடம் வாய்விட்டுச் சொல்லாததையும் மறுபக்கம் போட்டாள்.

பகுப்பாய்வில் வண்டி நின்றது. ஏன்?

"மத்த நாள் என்ன எழுதியிருக்கீங்க?" என்று நாத்தனார் டைரியைப் பின்னுக்குப் புரட்டினாள். இருவரும் நீல வரிகளை மட்டும் தேடினார்கள். மூன்று நாள் பெரியக்கா காலை டியூட்டி. அந்த மூன்று நாளும் யாரும் சொல்லாமலே அவர் குடித்திருக்கிறார். நாலு நாள் மதியம். நாலு நாளும் ஒரு வாய்க்கு மேல் இல்லை. காலைக்கும் மதியத்துக்கும் வேறென்ன வித்தியாசம்? ஒரு மூலையில், வேறு எதற்கோ எழுதிய வரி ஒன்று இருந்தது: "ஆண் உதவியாளர் ரெண்டு மணிக்குக் கிளம்பிட்டார், அதுக்கப்புறம் நாங்க பொம்பளைங்க மட்டும்தான்."

பெரியக்கா நிமிர்ந்தாள். "பாத்ரூம்."

"என்ன பாத்ரூம்?"

"அவரால தனியா எழுந்திருக்க முடியாது. ரெண்டு மணிக்கு மேல யூரின் பாட்டில் கேட்கணும்னாலும் எங்ககிட்டதான் கேட்கணும். கேட்கக் கூச்சம். அதனால குடிக்கிறதையே நிறுத்திட்டார்."

"இது நீலமா, பச்சையா?"

பெரியக்கா பெருமூச்சு விட்டாள். "பச்சை. இன்னும் அவர்கிட்ட கேட்கலை."

திங்கட்கிழமை மதியம் வார்டுக்குள் நுழைந்ததும் முதல் காரியமாகப் பொறுப்பு நர்சிடம் போய் எல்லாவற்றையும் சொன்னாள், மிரட்டியது உட்பட. அந்தம்மா குறிப்பு அட்டையை எடுத்துப் பார்த்தாள். டாக்டர் நாளுக்கு ஒன்றரை லிட்டர் சொல்லியிருந்தார். உள்ளே போயிருந்தது அதில் பாதிகூட இல்லை. "அப்படிப் பேசினது தப்பு, அது உனக்கே தெரிஞ்சிருக்கு. முதல்ல போய்க் கேளு," என்றாள்.

பெரியக்கா கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் டம்ளர் இல்லை.

"ஐயா, அன்னைக்கு டிரிப்ஸ் ஏத்துவாங்கன்னு மிரட்டினேன். அது தப்பு. மன்னிச்சிடுங்க."

மீசைக்காரர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு கேட்கணும். மதியத்துக்கு மேல தண்ணி குடிச்சா ஏதாவது சிரமமா இருக்கா?"

போர்வை ஓரத்தை நீவிக்கொண்டே, "அந்தத் தம்பி போயிடறான்," என்றார். அப்புறம் அதையும் சொல்லியிருக்க வேண்டாமோ என்பது போல மீசையைத் தடவினார். "உங்களை மாதிரி பொண்ணுங்ககிட்ட அதைப் போய் எப்படிம்மா கேட்கிறது? என் சம்சாரம் கூட..." என்று நிறுத்திக்கொண்டார்.

பெரியக்கா அவசரப்படவில்லை. பக்கத்து வார்டில் ஆண் நர்ஸ் ஒருவர் இரவு எட்டு வரை இருக்கிறார், நாலு மணிக்கும் ஆறரைக்கும் அவரை வரச் சொன்னால் சரிப்படுமா என்று கேட்டாள். நடுவில் வேண்டுமென்றால் மணியை அடித்தால் போதும், எதற்கென்று யாரும் கேட்க மாட்டார்கள், திரையை மூடிவிட்டு அவரைக் கூப்பிடுவோம் என்றாள்.

"கேட்க மாட்டாங்களா?"

"நான் எல்லார்கிட்டயும் சொல்லி வைக்கிறேன்."

பொறுப்பு நர்ஸ் பக்கத்து வார்டுக்குப் போன் போட்டாள். ஏற்பாட்டைக் குறிப்பு அட்டையிலும் எழுதினாள். அன்று நாலேகால் மணிக்கு, ஆண் நர்ஸ் வந்துபோன கையோடு, மீசைக்காரர் தானாகவே கையை நீட்டினார். ஒரு டம்ளர் தண்ணீர் முழுதாக உள்ளே போயிற்று. பிறகு பால் சேர்க்காத டீ கிடைக்குமா என்று விசாரித்தார். அன்றைய மொத்தம் ஆயிரத்து நூறு மில்லி.

செவ்வாய்க்கிழமை புது அறிக்கை ஆசிரியையின் மேசைக்குப் போனது. விவரிப்பு அரைப் பக்கம். பகுப்பாய்வு இரண்டு பக்கம்: நோயாளியின் மானம், மரியாதை பற்றி வகுப்பில் படித்ததையும், வயதானவர்கள் கூச்சத்தால் தண்ணீரைக் குறைத்துக்கொள்வது பற்றிப் பாடப்புத்தகத்தில் இருந்ததையும் நடந்ததோடு சேர்த்து எழுதியிருந்தாள். மிரட்டிய வார்த்தைகள் ஓர் எழுத்து குறையாமல் முதல் பக்கத்தில் இருந்தன. ஆசிரியை படிக்கப் படிக்க, பெரியக்கா எதிரில் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இந்த வரி முதல் தடவை இல்லையே," என்றாள் ஆசிரியை.

"இல்லைங்க மேடம். விட்டுட்டேன்."

"இது இல்லாம மீதி எதுவும் நிக்காது." அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். "மார்க் இதுக்காகக் குறைக்க மாட்டேன். ஆனா செயல் திட்டத்துல ரெண்டாவதா என்ன எழுதியிருக்கீங்க, படிங்க."

"'இனிமேல் பொறுமையாக இருப்பேன்.'"

"எப்போ, எங்க, என்ன செய்வீங்க? செஞ்சீங்களான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

பெரியக்கா அந்த வரியை இன்னொரு தடவை படித்துப் பார்த்தாள். "இது ஆசைங்க. திட்டம் இல்லை."

"ஆமா அக்கா," என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு ஆசிரியை நாக்கைக் கடித்துக்கொண்டாள். பெரியக்கா கேட்காத மாதிரி பேனாவை எடுத்தாள்.

நின்றபடியே அந்த வரியை அடித்துவிட்டு எழுதினாள்: "நோயாளி ஒன்றை மறுத்தால், இரண்டாம் தடவை வற்புறுத்துவதற்கு முன் காரணத்தைக் கேட்பேன். அவர் சொன்னதை அவர் வார்த்தையிலேயே குறித்து, அன்றைய பொறுப்பு நர்சிடம் சொல்வேன். நாலு வாரம் கழித்து என் குறிப்புகளை மேடத்திடம் காட்டுவேன்."

ஆசிரியை படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தபோது மணி ஒன்றரை. டியூட்டிக்கு அரை மணி நேரம் இருந்தது. பெரியக்கா சீருடையை மாற்றிக்கொண்டு, அன்று தனக்குப் போட்டிருந்த குழந்தைகள் வார்டுக்குப் போனாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி காலில் கட்டோடு புதிதாக வந்திருந்தாள். மாத்திரை வேண்டாம் என்று உதட்டை இறுக்கி மூடிக்கொண்டிருந்தாள். பெரியக்கா மாத்திரைத் தட்டைத் தள்ளி வைத்தாள்.

"ஏம்மா வேண்டாம்?"

"பெருசா இருக்கு. தொண்டையில சிக்கிக்கும்."

"சரி, தண்ணி மருந்தா கிடைக்குமான்னு கேட்டுட்டு வர்றேன்," என்று சொல்லிவிட்டு, பாக்கெட்டிலிருந்த சின்ன நோட்டை எடுத்து அந்தப் பெண் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டு, பொறுப்பு நர்சைத் தேடிப் போனாள்.